ஊரில் இரவு ஏழு மணி: கம்பம் பள்ளத்தாக்கின் அறிவிப்புகள் கடல் கடந்து சேரும் நேரம்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் வட்டாரத்தில் கோயில் திருப்பணிக் குழு, ஜமாஅத், பழைய மாணவர் மன்றம், உறவின்முறைச் சங்கம் என்று எதை எடுத்துக்கொண்டாலும் அதன் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் இன்று ஊரில் இல்லை. துபாய், ரியாத், தோஹா, சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், டொராண்டோ, கலிபோர்னியா, சிட்னி என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஊரில் இருப்பவர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பத்து மணிக்கு ஓர் அறிவிப்பைத் தட்டிவிடுகிறார். சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டி 12.30. சிட்னியில் விடியற்காலை. அங்கே உறங்கிக்கொண்டிருப்பவரின் தலைமாட்டில் கைபேசி ஒலிக்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அவர் அந்தக் குழுவின் ஒலியை நிரந்தரமாக அணைத்துவிடுவார். அதன்பிறகு எவ்வளவு முக்கியமான செய்தி அனுப்பினாலும் அவருக்கு அது உரிய நேரத்தில் எட்டாது. நேரம் தவறி அனுப்பும் பழக்கத்தின் உண்மையான இழப்பு இதுதான். ஒரு செய்தி தவறுவதோடு அது நிற்பதில்லை, உறுப்பினரையே இழக்க வைக்கிறது.

எந்த நேரத்தில் அனுப்பினால் எல்லோருக்கும் பொருந்தும் என்ற கேள்விக்கு வானொலிக்காரர்கள் வெகுகாலம் முன்பே விடை தேடியிருக்கிறார்கள். 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை, 2017 ஏப்ரல் 30-ல் வானொலி ஒலிபரப்பை நிறுத்தும் வரை லண்டனிலிருந்து வந்த குரல். பல்லாண்டுகள் அது நம் ஊரில் இரவு 9.15-க்கு ஒலித்தது. அந்த நேரம் லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 3.45, கோடையில் 4.45. ஆண்டுக்கு இருமுறை லண்டன் கடிகாரம் மாறியபோதும் கேட்பவரின் 9.15 மாறவில்லை. அனுப்புகிறவர்தான் தம் நேரத்தை நகர்த்திக்கொண்டார். கேட்பவர் இருக்கும் இடத்தின் கடிகாரமே தலைமைக் கடிகாரம் என்ற அந்த முடிவு இன்றைய ஊர்க்குழுக்களுக்கும் பொருந்தும். வானொலிக்குக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் இருந்தார்கள். நமக்கோ ஒரே அறிவிப்பு பதினேழு முதல் பத்தொன்பது மணி நேர அகலத்தில் பரந்து கிடக்கும் ஆட்களுக்குப் போக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. ஐக்கிய அரபு அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம் பின்னே. சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னே. இவை ஆண்டு முழுவதும் மாறாதவை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கும். டொராண்டோவும் நியூயார்க்கும் பத்தரை அல்லது ஒன்பதரை. கலிபோர்னியா பதின்மூன்றரை அல்லது பன்னிரண்டரை. சிட்னி தன் கோடையில், அதாவது அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும். மற்ற மாதங்களில் நாலரை.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு ஊரின் இரவு 7 மணியைப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 9.30, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் நேரம். துபாயில் மாலை 5.30, ரியாத்தில் 4.30. லண்டனில் பிற்பகல், டொராண்டோவில் காலை. கலிபோர்னியாவில் விடியற்காலை ஐந்தரை அல்லது ஆறரை, சிட்னியில் நள்ளிரவை ஒட்டிய நேரம். இந்த இரு கடைக்கோடிகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் விழித்திருக்கும் பொழுதில் செய்தி கிடைத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளி 8 மணி ஆக்கினால் வளைகுடாக்காரருக்கு இன்னும் வசதி, சிங்கப்பூர்க்காரருக்கு 10.30 ஆகிவிடும். 7 மணிதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடைக்கோடிக்காரருக்கு ஊரின் காலை 6 மணி பொருத்தம். அப்போது சிட்னியில் முற்பகல் பத்தரை அல்லது பதினொன்றரை, கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை நாலரை அல்லது ஐந்தரை. ஆக, ஒரே அறிவிப்பை இரவு 7-க்குப் பெரிய குழுவுக்கும் மறுநாள் காலை 6-க்குக் கடைக்கோடிக் குழுவுக்கும் அனுப்பினால் பள்ளத்தாக்கின் ஆட்கள் பரந்திருக்கும் ஊர்கள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. ஆறு நேரங்களில் ஆறு முறை அனுப்பத் தேவையில்லை. அப்படி அனுப்பத் தொடங்கும் சங்கங்கள் விரைவில் களைத்துப் பழைய இரவுப் பத்து மணிக்கே திரும்பிவிடும் என்பது என் கருத்து.

ஊருக்குள்ளேயும் ஒரு நேர வேறுபாடு உண்டு என்பதை வெளிநாட்டுக் கணக்கில் மறந்துவிடக் கூடாது. கம்பம், கோம்பை, தேவாரம், போடி பக்கத்துத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்புகிறார்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் நிற்காது. காலை பத்து மணிக்கு அனுப்பிய செய்தி அவர்கள் கைபேசியில் மாலையில்தான் வந்து விழும். அதற்குள் குழுவில் நாற்பது பதில்கள் சேர்ந்து, மூலச் செய்தி மேலே போய்விட்டிருக்கும். இந்திய நேரப்படியே வாழும் இவர்களுக்கும் காலை பத்து உதவாது, இரவு 7 உதவும். அந்த நேரத்தைப் பரிந்துரைக்க எனக்கு இது இன்னொரு காரணம்.

அறிவிப்பு அனுப்பும் நேரம் ஒன்று, அறிவிக்கப்படும் நிகழ்ச்சியின் நேரம் வேறொன்று. இரண்டாவதில்தான் சிக்கல் அதிகம். 2026 மார்ச்சில் உத்தமபாளையம் பக்கத்து ஒரு பழைய மாணவர் மன்றம் இணையவழிப் பொதுக்குழு கூட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை இரவு 7.30 என்று முடிவு செய்கிறார்கள், நாள் மார்ச் 15. ஊரிலிருந்து பார்த்தால் இதில் ஒரு குறையும் தெரியாது.

வளைகுடாவிலிருந்து பாருங்கள். மார்ச் 15 ரமலான் மாதத்துக்குள் விழுகிறது. ஊரில் 7.30-க்கு நோன்பு திறந்து முடிந்திருக்கும். துபாயில் அப்போது மாலை 6 மணி, நோன்பு திறக்க அரை மணி நேரமே இருக்கிறது. கூட்டம் சூடு பிடிக்கும்போது அங்கே எல்லோரும் எழுந்து போவார்கள். ரியாத்தில் 5 மணி, அங்கே நோன்பு திறப்பது ஆறு மணியை ஒட்டி. அதோடு சவூதி, கத்தார், குவைத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிறு அவர்களுக்கு வேலை வாரத்தின் முதல் நாள். அமீரகம் மட்டும் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. நாம் ஞாயிற்றுக்கிழமையை உலகத்துக்கே பொதுவான ஓய்வு நாளாக எண்ணுவது, வளைகுடாவில் இத்தனை பேரை வைத்திருக்கும் ஒரு பள்ளத்தாக்குக்குப் பெரிய பிழை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, 2026-ல் மார்ச் 8, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள். பிப்ரவரிக் கூட்டம் டொராண்டோவில் காலை 9-க்கு நடந்தது, மார்ச்சில் அதே கூட்டம் காலை 10-க்கு. பழைய நினைவில் 9-க்கு வந்தவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார், அவ்வளவுதான். நவம்பரில் இது தலைகீழாகும். 10 மணிப் பழக்கத்தில் வருகிறவருக்குக் கூட்டமே முடிந்திருக்கும். அதனால் இரு மாற்றங்களில் நவம்பர் மாற்றத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பிரிட்டன் அமெரிக்காவோடு சேர்ந்து மாறுவதில்லை. அது மார்ச்சின் கடைசி ஞாயிறு, அதாவது 29-ஆம் தேதி மாறுகிறது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான ஐந்து மணி நேர இடைவெளி நாலாகச் சுருங்கிவிடும்.

மன்றத்தார் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பெருநாள் கழித்து மார்ச் 28, சனிக்கிழமை, இரவு 7 மணிக்கு மாற்றுகிறார்கள். அன்று துபாயில் மாலை 5.30, ரியாத்தில் 4.30, இரு இடத்திலும் அலுவலக விடுமுறை. சிங்கப்பூரில் இரவு 9.30, மறுநாள் ஞாயிறு என்பதால் அவசரமில்லை. லண்டன் கடிகாரம் மாற இன்னும் சில மணி நேரம் இருப்பதால் அங்கே பிற்பகல் 1.30. டொராண்டோவில் காலை 9.30, கலிபோர்னியாவில் காலை 6.30. சிட்னியில் மட்டும் ஞாயிறு பிறந்து 12.30. ஊரில் சனிக்கிழமை வேலை நாளாக இருப்பவர்களும் 7 மணிக்கு வீடு சேர்ந்திருப்பார்கள். பெருநாள் கழியும் வரை தள்ளியதிலும், ஞாயிற்றை விட்டு ஒரே ஒரு நாள் முன்னே வந்ததிலும் நோன்பு, வார விடுமுறை, லண்டன் கடிகாரம் மூன்றும் ஒருசேரத் தீர்ந்தன.

எல்லோருக்கும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுடாவில் கட்டட வேலை, கடை வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. சவூதியில் அது பெரும்பாலும் வெள்ளி. சனிக்கிழமை 4.30-க்கு அவர் வேலையிடத்தில் இருப்பார். கோடையில் வெயிலுக்காக நண்பகல் வேலைக்குத் தடை இருக்கும் மாதங்களில் வேலை விடியற்காலையில் தொடங்குவதால் இரவு சீக்கிரம் உறங்கவும் போய்விடுவார். சனிக்கிழமைக் கூட்டம் அலுவலகத்தில் இருப்பவருக்கு உகந்தது, கூலித் தொழிலாளிக்கு உகந்ததில்லை. சந்தா கட்டுவதில் இருவரும் சமம் என்றால் கூட்டத்திலும் சமமாக இருக்க வேண்டும். நான்கு கூட்டங்களில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்கும், ஒன்றை ஞாயிறு காலை 7 மணிக்கும் சுழற்றி வைப்பதே நியாயம். ஞாயிறு காலை 7 என்பது கோடைக்கணக்கில் கலிபோர்னியாவுக்குச் சனி மாலை 6.30, டொராண்டோவுக்குச் சனி இரவு 9.30, சிங்கப்பூருக்குக் காலை 9.30, சிட்னிக்கு ஞாயிறு முற்பகலின் கடைசி. அன்று உறக்கத்தை இழப்பது துபாயும் ரியாத்தும் லண்டனும். எப்போதும் ஒரே ஆள் நள்ளிரவில் விழித்திருக்கும் ஏற்பாட்டைவிட அந்தச் சிரமம் கைமாறிக்கொண்டே இருப்பது நல்லது.

அறிவிப்பின் வாசகத்துக்கு வருவோம். ஊர்க்குழுச் செய்திகளில் அதிகம் குழப்புவது ‘நாளை’. வெள்ளி இரவு 7 மணிக்கு ‘நாளை கூட்டம்’ என்று அனுப்பினால் சிட்னிக்காரர் அதைச் சனிக்கிழமை காலையில் படிக்கிறார், நாளை என்றால் ஞாயிறு என்று எடுத்துக்கொள்கிறார். ‘இன்று’, ‘இன்று இரவு’, ‘இன்னும் இரண்டு நாளில்’ எல்லாவற்றுக்கும் இதே கதி. கிழமையும் தேதியும் எழுதிவிட்டால் இது தீர்ந்தது. நள்ளிரவு தாண்டிய நேரத்துக்கு அதுவும் போதாது. நம் பேச்சில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். சனி இரவு 12.30 என்று ஊரில் சொன்னால் சனிக்கிழமை படுத்து எழுவதற்குள் வரும் நேரம் என்று பொருள். கைபேசி நாட்காட்டிக்கு அது ஞாயிறு. பஞ்சாங்க முகூர்த்தம் விடியற்காலையில் விழும்போது கல்யாணப் பத்திரிகைகளில் இதே குழப்பம் வருவதைப் பார்த்திருக்கிறோம். ‘சனி இரவு கழிந்து ஞாயிறு பிறந்ததும் 12.30’ என்று நீட்டி எழுதினால் யாரும் தவற மாட்டார்கள்.

எந்த ஊர் நேரம் என்பதையும் வாசகத்திலேயே சொல்ல வேண்டும். ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்து நமக்கு இந்திய நேரம். அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்தை அதே மூன்றெழுத்தால் குறிக்கின்றன. கணினியில் நேரம் குறித்து வைப்பவர் சுருக்கெழுத்தை நம்பாமல் Asia/Kolkata, Asia/Riyadh, America/Toronto என்று ஊர்ப்பெயர் கொண்ட மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஒன்பதரை மணி நேரம் கழி’ என்று எண்ணாகக் குறித்து வைத்தால் நவம்பரில் அது பொய்யாகிவிடும். ஊர்ப்பெயராகக் குறித்தால் கடிகார மாற்றத்தைக் கணினியே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாறாது என்று நாம் நம்பும் எண்களும் அரசாணையால் மாறியவைதான். 1981 முடியும் வரை சிங்கப்பூருக்கும் நமக்கும் இடைவெளி இரண்டு மணி நேரம், 1982 ஜனவரி 1 முதல் இரண்டரை. இலங்கை 1996-ல் ஒரே ஆண்டில் இருமுறை நேரத்தை மாற்றியது. அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. 2006 ஏப்ரலில்தான் இலங்கை மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றானது.

லினக்ஸ் கணினி வைத்திருக்கும் தன்னார்வலர் ஒரே வரியில் சரிபார்க்கலாம். மேலே சொன்ன கூட்டம் டொராண்டோவில் எத்தனை மணிக்கு என்று கேட்க:

```
TZ=America/Toronto date -d 'TZ="Asia/Kolkata" 2026-03-28 19:00'
```

விடை காலை 9.30 என்று வரும். தேதியை நவம்பருக்கு மாற்றிக் கேட்டால் 8.30 என்று வரும். தானாகச் செய்தி அனுப்பும் நிரலை வாடகைச் சர்வரில் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் இருக்கும். நம் இரவு 7 மணி அங்கே 13.30. அரை மணியை மறந்து 14 என்று போட்டால் செய்தி 7.30-க்குப் போகும், 19 என்று போட்டால் நள்ளிரவு 12.30-க்குப் போகும். ‘ஏன் நடு இரவில் செய்தி வருகிறது’ என்று ஊரிலேயே புகார் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

பண்டிகை வாழ்த்துகளும் விழா அறிவிப்புகளும் கடிகாரத்தோடு நாட்காட்டியையும் இழுக்கின்றன. பல ஆண்டுகளில் வளைகுடாவில் ரமலான் நமக்கு ஒரு நாள் முன்னே தொடங்கி, பெருநாளும் ஒரு நாள் முன்னே வருகிறது. தமிழ்நாட்டில் பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவிக்கும் நாளை வைத்துக் கம்பத்திலிருந்து வாழ்த்து அனுப்பினால், ரியாத்தில் இருப்பவருக்கு அது பெருநாள் முடிந்த மறுநாள் போய்ச் சேரும். பிறை அறிவிப்பு இரவில்தான் வரும், முன்கூட்டி நேரம் குறித்து வைக்க வழியில்லை. இந்த ஒன்றில் தானியங்கி வேண்டாம், ஆளே உட்கார்ந்து அனுப்ப வேண்டும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வேறு கணக்கு. அதற்கு ஊர் வருகிறவர் விடுப்பு எழுதிக் கொடுத்து விமானச் சீட்டு எடுக்க வேண்டும். நாட்கள் உறுதியானதும் அன்றே தேதிகளை அனுப்பிவிடுவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. அங்கே மணிக்கணக்கைவிட வாரக்கணக்குதான் முக்கியம்.

சில செய்திகள் நேரம் பார்க்கக் கூடாதவை. வைகை அணையில் 71 அடி வரை நீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை போகிறது, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அது நள்ளிரவானாலும் போக வேண்டிய செய்தி, ஆனால் கரையோரத்தில் இருப்பவருக்கு. டொராண்டோவில் இருப்பவருக்கு அது விழித்ததும் படிக்க வேண்டிய செய்தி. துக்கச் செய்தியும் அப்படித்தான். நம் பக்கம் அடக்கம் அன்றோ மறுநாளோ முடிந்துவிடும். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கோ தம்பிக்கோ ஒவ்வொரு மணி நேரமும் விமானம் பிடிக்கும் நேரம். அவர்களை ஒருவர் தொலைபேசியில் அழைத்துத்தான் சொல்ல வேண்டும், குழுச் செய்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. மற்ற உறுப்பினர்களுக்கான அறிவிப்பைத் தாமதிக்கவும் வேண்டாம், ஒலி எழுப்பவும் வேண்டாம். டெலிகிராமில் ஒலியில்லாமல் அனுப்பும் வசதி இருக்கிறது, நேரம் குறித்து அனுப்பும் வசதியும் இருக்கிறது. அவசரச் செய்திக்குத் தனிக் குழு, பொதுச் செய்திக்கு வேறு குழு என்று பிரித்துக்கொண்டால் ஒன்றின் ஒலியை அணைத்தவருக்கும் மற்றொன்று கேட்கும்.

தேர்ந்தெடுத்த நேரம் சரிதானா என்று அறிய ஊகம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யாருக்கு எப்போது சேர்ந்தது, யார் எப்போது படித்தார் என்று காட்டும். காட்டப்படும் மணி நம் கைபேசியின் நேரப்படி இருக்கும், நாம்தான் அந்தந்த ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நான்கைந்து அறிவிப்புகளுக்கு இதைப் பார்த்தாலே ஒவ்வொரு ஊர்க்காரரும் செய்தி படிக்கும் பொழுது தெளிவாகிவிடும். சேர்ந்த நேரத்தையும் படித்த நேரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சேருவதே மாலையில் என்றால் அவர் மலையிலோ, முகாமுக்குத் திரும்பிய பிறகே இணைய இணைப்புக் கிடைக்கும் இடத்திலோ இருக்கிறார் என்று பொருள். உடனே சேர்ந்தும் இரண்டு மூன்று நாள் கழித்தே படிக்கிறார் என்றால் அவர் ஒலியை அணைத்துவிட்டார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவரைக் குழுவில் கேட்காமல் தனியே அழைத்து, எந்த நேரம் ஒத்துவரும் என்று கேளுங்கள்.

2026-ல் பிரிட்டனின் கடிகாரம் அக்டோபர் 25-லும் டொராண்டோ, நியூயார்க், கலிபோர்னியாவின் கடிகாரங்கள் நவம்பர் 1-லும் ஒரு மணி நேரம் பின்னே போகும். சிட்னி அக்டோபர் 4-லேயே முன்னே தாவிவிடும். பள்ளத்தாக்கின் சங்கச் செயலாளர்கள் தீபாவளிக் கூட்டத்துக்கு நேரம் குறிக்குமுன் இந்த மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.